தலைக்கு மேல எடை தூக்கினா கழுத்து பிடிக்குது: நிறுத்திடலாமா, எதுவரைக்கும் தூக்கலாம்?

திருப்பூர்_கணக்கு (செவ்வாய், இரவு 10.40)

வணக்கங்க. வயசு 36. பனியன் கம்பெனில கணக்குப் பிரிவு. காலைல ஒன்பதரைக்கு உக்காந்தா ராத்திரி எட்டு வரைக்கும் ஸ்கிரீன்தான். ஒருபக்கம் டேலி, ஒருபக்கம் எக்செல். மாசக் கடைசில வீட்லயும் லேப்டாப்.

கழுத்து வலி ரெண்டு வருசமா இருக்குதுங்க. வலதுபக்கம் காதுக்குப் பின்னால ஆரம்பிச்சு, தோள்பட்டை எலும்போட உள்மூலை வரைக்கும் ஒரு கயிறு மாதிரி இறுகும். சாயந்திரம் பத்துக்கு நாலு இருக்கும். உடற்பயிற்சி செஞ்சா சரியாகும்னு சொன்னாங்கன்னு நாலு மாசமா ஜிம் போறேன். அங்கதான் இப்ப பிரச்சனை. நின்னுக்கிட்டு டம்பெல் சோல்டர் பிரஸ் போடறேன், கைக்கு 12.5 கிலோ. போட்ட மறுநாள் காலைல வலதுபக்கம் கழுத்தே திரும்பறதில்ல. வண்டி ஓட்டறப்போ பின்னால பார்க்கணும்னா உடம்போட திரும்ப வேண்டியிருக்கு. கழுத்துக்குப் பின்னால இழுக்கற லாட் புல்டவுன் போட்டாலும் இப்படித்தான், கொஞ்சம் கம்மி.

கை மரத்துப் போறது, விரல் பலம் குறையறது எதுவும் இல்லைங்க.

என் கேள்வி இதுதான். தலைக்கு மேல தூக்கறதையே மொத்தமா நிறுத்திடணுமா? இல்ல இதுவரைக்கும் தூக்கலாம்னு ஒரு எல்லை இருக்கா? இருந்தா அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?

இரும்புக்கை (செவ்வாய், இரவு 11.15)

ப்ரோ, இது நூறு பேருக்கு இருக்கு. முன்பக்கம் மட்டும் அடிச்சிட்டு பின்பக்கத்த விட்ருப்பீங்க. பெஞ்ச் பிரஸ், புஷ்அப், சோல்டர் பிரஸ்னு எல்லாமே தள்ளறது. இழுக்கறது கம்மி. இனிமே ஒரு செட் தள்ளினா ரெண்டு செட் இழுங்க. ரோ, ஃபேஸ் புல் ரெண்டும் கட்டாயம்.

எடையைப் பிடிச்சுக்கிட்டு தோளைக் காதுக்குத் தூக்கற ஷ்ரக்ஸ் மட்டும் தொடவே தொடாதீங்க. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கற தசை ஏற்கனவே ஓவரா வேலை செய்யுது, அதுக்கு இன்னும் தீனி போடக்கூடாது. புல்டவுன் பின்னால இழுக்கறதுல தப்பே இல்ல, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் இழுத்தாங்க. எடையைக் குறைச்சுப் போடுங்க, போதும்.

இன்னொண்ணு, தலையை 60 டிகிரி குனிஞ்சு பார்த்தா கழுத்துல 27 கிலோ பாரம் விழுது. வலி வராம என்ன பண்ணும்?

மதுரை_பிசியோ (புதன், காலை 6.20)

திருப்பூர் தம்பி, கை மரத்துப்போகலைன்னு நீங்களே சொன்னது நல்லதாப் போச்சு. நான் முதல்ல கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

எல்லை இருக்கு. ஆனா அதை கிலோவில தேடாதீங்க, கோணத்துல தேடுங்க. கை முழுசா மேல போக தோள் மூட்டு மட்டும் அசைஞ்சா போதாது. தோள்பட்டை எலும்பு விலா மேல வழுக்கி மேல்நோக்கித் திரும்பணும், மொத்த அசைவுல மூணுல ஒரு பங்கு அதோடது. அது திரும்ப, முதுகோட மேல்பகுதியும் கொஞ்சம் பின்னால வளையணும். நாள் முழுக்க கூனி உக்காந்திருக்கிற முதுகுக்கு அந்த வளைவு சுலபத்துல வராது. அப்ப உடம்பு அந்தக் குறையை வேற இடத்துல கடன் வாங்கும். இடுப்பை வளைச்சு விலாவைத் தூக்கும், இல்லைன்னா முகவாய்க்கட்டையை முன்னால நீட்டி தோளைக் காதுக்கு ஏத்தும்.

நீங்க சொன்ன கயிறு இருக்கே, அது கழுத்தோட மேல் நாலு எலும்புலேர்ந்து தோள்பட்டை உள்மூலைக்கு இறங்குற தசை. தோள்பட்டை சரியாத் திரும்பாம சும்மா மேல ஏறும்போது பாரத்தை எடுத்துக்கிறது அதுதான்.

மூணு விஷயம் செஞ்சு பார்த்துட்டு வந்து எழுதுங்க.

முதல்ல சுவர்ல முதுகைச் சாய்ச்சு நில்லுங்க. குதிகால் சுவரை விட்டு ஒரு சாண் முன்னால இருக்கட்டும். கீழ் விலா மேல ஒரு கையை வச்சுக்கிட்டு, இன்னொரு கையை நீட்டினபடி, கட்டைவிரல் சுவரைப் பார்க்க மெதுவா மேல தூக்குங்க. விலா எழும்பினாலோ, முழங்கை மடங்கினாலோ, முகவாய் முன்னால வந்தாலோ அங்கேயே நிறுத்திடணும். அந்த இடத்துல கைக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளின்னு யாரையாவது பக்கவாட்டுல நின்னு போன்ல எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு கைக்கும் தனித்தனியா.

அடுத்து, ஒரு துண்டை இறுக்கமா உருட்டி தோள்பட்டைகளுக்குக் கீழ குறுக்கா வச்சு, தரையில மல்லாந்து மூணு நிமிஷம் படுங்க. முழங்கால் மடங்கி இருக்கட்டும். எழுந்து மறுபடி சுவர்ல பாருங்க.

மூணாவது, அதே பிரஸ்ஸை 5 கிலோவில போடுங்க. வலி எந்த உயரத்துல ஆரம்பிக்குதுன்னு கவனிங்க.

இரும்புக்கை தம்பிக்கு அப்புறம் வர்றேன். இழுக்கிறதைக் கூட்டச் சொன்னது சரி.

தமிழாசிரியை_ஓய்வு (புதன், காலை 8.05)

எனக்கும் இதே துன்பம்தான். ஓய்வு பெற்ற பின் இணையவழி வகுப்பு எடுக்கிறேன், தினமும் ஐந்து மணி நேரம் டேப்லெட்டைக் குனிந்து பார்க்கிறேன். மூன்று வாரமாக வலது தோளிலிருந்து முழங்கை வழியாக ஒரு வலி இறங்குகிறது. நடுவிரல் மரத்துக் கிடக்கிறது. ஒன்றைக் கண்டுகொண்டேன்: கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி சட்டென்று அடங்கிவிடுகிறது. இரவில் அப்படித்தான் தூங்குகிறேன். ஆகவே கையைத் தலைக்குமேல் தூக்குவது கழுத்துக்கு நல்லது என்பதே என் அனுபவம். தம்பியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மதுரை_பிசியோ (புதன், காலை 8.30)

டீச்சர், வேலைக்கு நடுவுல உங்க பதிவைப் பார்த்ததும் எழுதுறேன். உங்களுக்கு இருக்கிறது தம்பியோடது இல்லை.

கையைத் தலைமேல வச்சா வலி அடங்குதுன்னா, கழுத்துலேர்ந்து கைக்கு வர்ற நரம்போட வேர் எங்கேயோ அழுந்துதுன்னு சந்தேகப்படணும். கையைத் தூக்கும்போது அந்த நரம்பு தளருது, அதனால சுகமா இருக்கு. நடுவிரல் மரத்துப்போறது பெரும்பாலும் ஏழாவது நரம்பு வேர். ஒண்ணு மட்டும் பாருங்க. சுவர்ல ஒரு கையை ஊன்றி முழங்கையை மடக்கி, சுவரைத் தள்ளி நீட்டுங்க. வலது கை இடதைவிடத் தெளிவா பலம் குறைஞ்சிருந்தா இந்த வாரமே எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்க. பலம் சரியா இருந்தாலும் மூணு வாரம் ஆயிடுச்சு, பார்த்துடுறது நல்லது. பட்டன் போடத் தடுமாறுறது, நடையில தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாட்டுல மாற்றம், இதுல ஏதாவது ஒண்ணு வந்தா அன்னிக்கே போங்க.

பயப்படாதீங்க. பெரும்பாலானவங்களுக்கு இது சில வாரத்துல, சில மாசத்துல அறுவை சிகிச்சை இல்லாமலே அடங்கிடும். மருத்துவர் பார்க்கிற வரைக்கும் கழுத்தைச் சொடுக்கு எடுக்க மட்டும் யார்கிட்டயும் கொடுக்காதீங்க.

தமிழாசிரியை_ஓய்வு (புதன், காலை 9.10)

தள்ளிப் பார்த்தேன் அம்மா. வலது கை பாதியிலேயே மடங்கிவிடுகிறது. இதுவரை கவனிக்கவே இல்லை. மகனிடம் சொல்லிவிட்டேன், நாளை போகிறோம்.

ஓஎம்ஆர்_இரவுப்பணி (புதன், மதியம் 1.45)

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கு 46 வயசு, கோடிங் வேலை. ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண் மட்டத்துல இருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்கன்னு மானிட்டரைப் புத்தகம் அடுக்கி ஏத்தினேன். வலி கூடிடுச்சு. ஒரு வருஷம் கழிச்சு கண் டாக்டர்தான் காரணத்தைச் சொன்னார். நான் போட்டிருக்கறது புரோகிரசிவ் கண்ணாடி. கிட்டப் பார்வைக்கான பகுதி கீழ இருக்கு. ஸ்கிரீன் உயர இருந்தா, அந்தக் கீழ்ப்பகுதி வழியாப் பார்க்க முகவாயைத் தூக்கிக்கிட்டே உக்காந்திருப்பேன், எட்டு மணி நேரமும். மானிட்டரை நல்லா இறக்கினேன், ஸ்கிரீன் தூரத்துக்குன்னு தனியா ஒரு கண்ணாடி போட்டேன். பாதி வலி அதோட போச்சு. கண்ணாடி போடறவங்க முதல்ல இதைப் பாருங்க.

திருப்பூர்_கணக்கு (புதன், இரவு 11.05)

மேடம், மூணும் பண்ணிட்டேங்க. மனைவி வீடியோ எடுத்தாங்க.

இடது கை சுவருக்கு நாலு விரல் கிட்ட வருது. வலது கை ஒரு சாண் இடைவெளில நின்னுடுது. அதுக்கு மேல தூக்கினா முகவாய் முன்னால வர்றது வீடியோல அப்பட்டமாத் தெரியுது. எனக்கு அது வர்றதே தெரியலைங்க. துண்டு வச்சுப் படுத்து எழுந்தப்புறம் வலதுல இடைவெளி பாதியாக் குறைஞ்சுது.

5 கிலோ பிரஸ்ல வலி இல்ல, ஆனா அந்தக் கயிறு இழுக்கறது தெரியுது. கை நெத்தி உயரம் தாண்டினதும். 12.5லயும் அதே இடம்தான்.

கண்ணாடி போடறதில்லைங்க.

மதுரை_பிசியோ (வியாழன், காலை 6.00)

5 கிலோவிலயும் அதே உயரம், 12.5லயும் அதே உயரம். அதனால எடையைக் குறைச்சா மட்டும் தீராது. துண்டு வச்சதுக்கே பாதி குறைஞ்சதால, தோள் மூட்டைவிட மேல்முதுகு இறுக்கம்தான் பெரிய பங்கு. இது மாறக்கூடியது.

தலைக்கு மேல தூக்கறதை நிறுத்த வேண்டாம். நெத்தி உயரத்தோட முடியுற தள்ளல்களை இப்போதைக்கு எடுத்துக்குங்க. உங்க ஜிம்ல நீள ராட் இருக்கும். ஒரு முனையில பழைய துணி சுத்தி சுவர் மூலையில ஊன்றுங்க. வலது முழங்காலைத் தரையில போட்டு, இன்னொரு முனையை வலது கையில தோளுக்கு முன்னால பிடிச்சு மேல, முன்னால தள்ளுங்க. ராட் சாய்வாப் போறதால கை நேரா மேல போகாது, முகத்துக்கு முன்னால முடியும். தள்ளி முடிக்கும்போது தோள்பட்டை எலும்பு விலாவைச் சுத்தி முன்னால வர்றதைத் தடுக்காதீங்க, அந்த அசைவுதான் நமக்கு வேணும். வெறும் ராடு போதும். பத்து பத்தா மூணு செட், ரெண்டு கையும். ராடு தோதுப்படலைன்னா சாய்வு பெஞ்சை 45 டிகிரிக்கு வச்சு டம்பெல் பிரஸ்.

கழுத்துக்குப் பின்னால புல்டவுனை விட்டுடுங்க. அதுக்குக் கை முழுசா மேல போய், வெளிப்பக்கம் திரும்பி, தலையும் குனியணும். உங்களுக்கு எந்த மூணு இல்லையோ அந்த மூணையும் ஒரே நேரத்துல கேக்கும். அந்தக் காலத்து ஆட்கள் செஞ்சாங்க, சரி. அவங்க கை சுவரைத் தொட்டிருக்கும். உள்ளங்கைகள் ஒண்ணையொண்ணு பார்க்கிற சின்னப் பிடியை மாட்டி, லேசாப் பின்னால சாய்ஞ்சு, காறையெலும்பு வரைக்கும் இழுங்க.

இனி இழுக்கிறது. சாய்வு பெஞ்சுல குப்புறப் படுத்து டம்பெல் ரோ. கைக்கு 8 கிலோ, 12 தடவை, மூணு செட். ஏன் குப்புறன்னா, நின்னு குனிஞ்சு இழுக்கும்போது எதிர்ச்சுவர்க் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் தூக்குவீங்க, எல்லாரும் தூக்குவாங்க. கழுத்து அங்கேயே போச்சு. குப்புறப் படுத்தா நெஞ்சைப் பெஞ்ச் தாங்கும், பார்வை தரைக்குப் போகும்.

ரோவை முதுகு இழுக்குதா கழுத்து இழுக்குதான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. சட்டையில தோள் தையல் இருக்குல்ல, உங்க ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இழுக்கும்போது அந்தத் தையல் காதை நோக்கி ஏறக்கூடாது. முழங்கை பேன்ட் பின்பாக்கெட்டை நோக்கிப் போகணும். கடைசி மூணு தடவையிலதான் ஏறும், அப்ப வீடியோ எடுங்க. ஏறிடுச்சுன்னா அன்னிக்கு அந்த செட் அங்கேயே முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க.

வாரத்துக்கு மூணு நாள் போதும். ஒவ்வொரு தடவையும் தொடங்குறதுக்கு முன்னால துண்டு உருளை மூணு நிமிஷம்.

வலிக்குக் கணக்கு இதுதான். செய்யும்போது பத்துக்கு மூணு வரைக்கும் இருக்கலாம். மறுநாள் காலையில பழைய அளவுக்கு இறங்கியிருக்கணும். இறங்கலைன்னா முதல்ல செட்டைக் குறைங்க.

இரும்புக்கை (வியாழன், காலை 9.30)

மேடம், எல்லாம் ஓகே. ஷ்ரக்ஸ் பத்தி நான் சொன்னது சரிதானே? கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கற மேல் டிராப் தசையை அடக்கணும், முதுகுப் பக்கம் இருக்கற கீழ் டிராப்பை எழுப்பணும். எங்க மாஸ்டரும் அதான் சொல்றார்.

மதுரை_பிசியோ (வியாழன், மதியம் 2.10)

நானும் படிக்கும்போது அப்படித்தான் கத்துக்கிட்டேன். முதல் அஞ்சாறு வருஷம் ஷ்ரக்ஸை யாருக்கும் கொடுக்கலை. என்னை மாத்தினது டென்மார்க் ஆய்வு. அந்தத் தசையிலேயே வலி இருந்த, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்களுக்கு ஷ்ரக்ஸ், பக்கவாட்டுத் தூக்கல், ஒருகை ரோ மாதிரிப் பயிற்சிகளை வாரம் மூணு நாள், 20 நிமிஷம், 10 வாரம் கொடுத்தாங்க. 2008ல வெளிவந்தது. வலி நல்லாவே குறைஞ்சுது. சைக்கிள் மாதிரிப் பொதுவான பயிற்சி செஞ்சவங்களுக்கு அந்த அளவு குறையலை. அப்புறம் 2011ல இன்னொண்ணு, ரப்பர் பட்டையை வச்சுப் பக்கவாட்டுல தூக்கறது, ஒரு நாளைக்கு 2 நிமிஷம் மட்டும். அதுலயே வலி இறங்குச்சு.

நாள் முழுக்க மெலிசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கிற தசை பலமான தசைன்னு நினைக்கிறோம். அது களைச்சுப்போன தசை. அதுக்குப் பலம் கொடுத்தா அதே பத்து மணி நேர வேலை அதுக்கு லேசாகும். தம்பிக்கு மூணாவது வாரத்துலேர்ந்து ஷ்ரக்ஸ் சேர்க்கத்தான் போறேன். கைக்கு 10 கிலோ, மெதுவா ஏத்தி மெதுவா இறக்கி, முகவாய் நீட்டாம.

கீழ் டிராப்பை எழுப்புறதுல தப்பில்லை. ஒண்ணை எழுப்ப இன்னொண்ணை அடக்கணும்கறதுதான் சரியில்லை. கை மேல போகும்போது ரெண்டும் சேர்ந்துதான் தோள்பட்டையைத் திருப்புது.

அந்த 27 கிலோ கணக்கு, ஒரு மாதிரி வடிவத்தை வச்சுக் கணிச்ச எண். ஆட்கள் கழுத்துல அளந்தது இல்லை. தலையோட எடை நாலரை, அஞ்சு கிலோ, குனியக் குனிய பின்கழுத்துத் தசை அதிகம் இழுக்கணும், அவ்வளவும் உண்மை. ஆனா குனியறதே ஆபத்துன்னு அந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்தினா, ஆட்கள் கழுத்தை அசைக்கவே பயந்து இன்னும் இறுகிப்போய் என்கிட்ட வர்றாங்க.

இரும்புக்கை (வியாழன், மாலை 6.20)

ஆய்வைப் படிச்சுப் பார்க்கறேன் மேடம். ஆனா என் அனுபவத்துல ஷ்ரக்ஸ் நிறுத்தினப்புறம்தான் எனக்கு வலி போச்சு. கைக்கு 40 கிலோ போட்டுட்டிருந்தேன்.

மதுரை_பிசியோ (வியாழன், இரவு 9.00)

கைக்கு 40 கிலோவா? அப்ப நிறுத்தினது நல்லதுதான். நான் சொல்றது 10 கிலோ, செய்யற விதமும் வேற. உங்க அனுபவத்தைப் பொய்ன்னு சொல்ல மாட்டேன்.

கர்லாக்கட்டை_தஞ்சை (வெள்ளி, காலை 5.50)

எல்லோரும் டம்பெல், ராடு என்கிறீர்கள். நம்மிடம் கர்லாக்கட்டை இருக்கிறது. நாற்பது வருடமாகச் சுற்றுகிறேன், வயது 63. தலையைச் சுற்றிப் பின்புறம் போய்த் தோளைக் கடந்து முன்னால் வரும்போது தோள்பட்டை, மேல்முதுகு, பிடரி அத்தனையும் அவிழ்ந்துவிடும். கழுத்து வலி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. தம்பிக்கு ஒரு ஜோடிக் கட்டை போதும்.

மதுரை_பிசியோ (வெள்ளி, காலை 6.30)

ஐயா, நீங்க சொல்ற அசைவு தோள்பட்டைக்கு ரொம்ப நல்லது. நாற்பது வருஷம் சுத்தின தோள்ல அந்தச் சுத்து முழுசா இருக்கும். தம்பிக்குக் கை மேல போகவே ஒரு சாண் பாக்கி இருக்கு. கட்டை தலைக்குப் பின்னால போற இடத்துல அவர் தலையை முன்னால தள்ளித்தான் வழிவிடுவார். அதைத்தான் நாம நிறுத்தப் பார்க்கிறோம். கட்டையோட எடை முனையில இருக்கறதால, வேகத்துல அது எங்கே இழுக்குதோ அங்கே கழுத்தும் போகும். சுவர்ல இடைவெளி நாலு விரலுக்கு வந்தப்புறம், கட்டை இல்லாம வெறுங்கையால, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலோட தொடங்கலாம்.

கர்லாக்கட்டை_தஞ்சை (வெள்ளி, காலை 7.15)

வெறுங்கையால் தொடங்குவது எங்கள் முறையிலும் உண்டு அம்மா. ஆனால் காத்திருக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். நல்ல ஆசான் முன் நின்றால் முதல் நாளே தலை நேராகிவிடும். எழுத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மதுரை_பிசியோ (வெள்ளி, இரவு 9.40)

ஆசான் முன்னால நின்னா நானும் ஒத்துக்கிறேன் ஐயா.

தம்பி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். பில்லு, வவுச்சர் எல்லாம் மேசையில எந்தப் பக்கம் வச்சுப் பார்ப்பீங்க?

திருப்பூர்_கணக்கு (வெள்ளி, இரவு 10.25)

இடதுபக்கம் மேசை மேல படுக்க வச்சிருப்பேங்க. பார்த்துப் பார்த்து எண்டர் பண்ணணும். ஒரு நாளைக்கு முன்னூறு பில்லாவது ஆகும்.

மதுரை_பிசியோ (சனி, காலை 6.10)

இடதுபக்கம் திரும்பிக் குனியும்போது நீளமா இழுபடறது வலதுபக்கக் கயிறுதான். முன்னூறு பில்லுன்னா குறைஞ்சது முன்னூறு தடவை. ஒரு சாய்வுப் பலகையில நிமிர்த்தி, ஸ்கிரீனை ஒட்டி அதே உயரத்துல வைங்க. கெட்டி அட்டை ஃபைலுக்குப் பின்னால ஒரு டப்பாவை முட்டுக்கொடுத்தாலே போதும். ஒரு கட்டு முடிஞ்சதும் எழுந்து நில்லுங்க.

தமிழாசிரியை_ஓய்வு (அடுத்த வியாழன், மாலை 5.00)

மருத்துவரைப் பார்த்தேன். ஸ்கேனில் ஆறாவது, ஏழாவது கழுத்தெலும்புகளுக்கு இடையில் உள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாகச் சொன்னார். இப்போதைக்கு மருந்தும் பிசியோவும், மூன்று வாரத்தில் கைப்பலத்தை மறுபடி பார்ப்பார்களாம், அதைப் பொறுத்துத்தான் அடுத்து என்பது. டேப்லெட்டைக் கண் உயரத்துக்கு ஒரு தாங்கியில் வைத்துவிட்டேன். நான் கேள்வியையே தவறாகப் புரிந்துகொண்டு எழுதினேன், ஆனால் எழுதியது நல்லதாயிற்று.

திருப்பூர்_கணக்கு (ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.30)

மேடம், தாமதத்துக்கு மன்னிக்கணும். நடந்ததை அப்படியே எழுதறேன்.

முதல் ரெண்டு வாரம் பெரிய வித்தியாசம் இல்லைங்க. ரோ போடறப்போ தையல் காதுக்கு ஏறினது வீடியோல ஒன்பதாவது தடவையிலயே தெரிஞ்சுது. 8 கிலோவை 6 ஆக்கினேன், அப்பதான் முதுகு நடுவுல வேலை நடக்கறது முதல்தடவையாப் புரிஞ்சுது. பில்லை நிமிர்த்தி வச்ச நாலாம் நாளே சாயந்திர வலி நாலுலேர்ந்து மூணாச்சு, அது பயிற்சியால இல்லைன்னு நினைக்கறேன்.

அஞ்சாவது வாரம் வலது கை சுவருக்கு அஞ்சு விரல் கிட்ட வந்துச்சு. பெஞ்சை 60 டிகிரிக்கு ஏத்தினேன், வலி இல்ல. போன வாரம் நின்னுக்கிட்டு ஒரு கையால 7.5 கிலோ தலைக்கு மேல போட்டேன், பத்து தடவை. மறுநாள் கழுத்து திரும்புதுங்க. ரோ இப்ப 10 கிலோ. ஷ்ரக்ஸ் 12.5.

மாசக் கடைசில மூணு நாள் ராத்திரி பதினொண்ணு வரைக்கும் வேலை. ஜிம் போகலை. வலி மறுபடி நாலுக்கு வந்துச்சு, அப்புறம் ஒரு வாரத்துல ரெண்டுக்கு இறங்கிருச்சு.

ரெண்டு சந்தேகம். புல்அப் பாரை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கினா இன்னும் கயிறு பிடிக்குது. அதை எப்ப ஆரம்பிக்கறது? அப்புறம் வீட்ல பரண் சுத்தம் பண்ணச் சொல்றாங்க. பித்தளை அண்டாவெல்லாம் மேல இருக்கு, இறக்கலாமா?

மதுரை_பிசியோ (ஞாயிறு, இரவு 8.50)

ஏழு வாரத்துல இது நல்ல முன்னேற்றம் தம்பி. எடையைக் குறைச்சது நீங்க எடுத்த சரியான முடிவு. மாசக் கடைசிக்கு மட்டும் தனியா ஒரு ஏற்பாடு வச்சுக்குங்க: ஜிம் போக முடியாத நாள்ல ஆபீஸ்லயே ரப்பர் பட்டையை மிதிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் பக்கவாட்டுத் தூக்கல், தோள் உயரத்துக்கு மேல போகாம.

தொங்கறதுக்கு, பாரைப் பிடிச்சுக் காலை முழுசா எடுக்காதீங்க. அடியில ஸ்டூல் போட்டுப் பாதி எடையைக் கால்ல வச்சுக்கிட்டு 15 விநாடி, மூணு தடவை. தோள் காதைத் தொடாம பிடிச்சிருக்க முடியற அளவுக்கு மட்டும் எடையைக் கைக்கு மாத்துங்க. இழுத்து ஏறுறதை இப்ப தொட வேண்டாம். பாருக்கு மேல முகவாயைக் கொண்டுபோறேன்னு கடைசி ரெண்டு அங்குலம் கழுத்தை நீட்டிப் பிடிக்கிறவங்கதான் என்கிட்ட அதிகம் வர்றாங்க. உங்களுக்கு அது எந்த மாசம் சரிப்படும்னு இப்பவே சொல்ல முடியாது. சுவர்ல கை தொடட்டும், அப்புறம் பேசுவோம்.

பரண்ல கை வைக்கிறதுக்கு முன்னால, ஆடாத ஏணியா பார்த்துப் போடுங்க, ஸ்டூல் வேண்டாம். அண்டாவோட கைப்பிடி உங்க நெஞ்சு உயரத்துக்கு வர்ற படிவரைக்கும் ஏறி, உடம்போட ஒட்டி இழுத்து, கீழ நிக்கிறவங்ககிட்ட கொடுங்க. அண்டாவுக்குள்ள வேற பாத்திரம் அடுக்கி வச்சிருப்பாங்க, முதல்ல அதையெல்லாம் ஒவ்வொண்ணா இறக்கிடுங்க.

திருப்பூர்_கணக்கு (ஞாயிறு, இரவு 9.15)

உள்ள நாலு குத்துவிளக்கும் ஒரு இட்லிக் குண்டானும் இருக்குதாம் மேடம். தம்பியைக் கீழ நிக்கச் சொல்லியிருக்கேன்.